கப்பலில் இருக்கும் சரக்கு, கட்டிய சுங்க வரி, ஸ்டாக்கில் ஏறும் விலை: இறக்குமதித் தணிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர் கொள்முதலுக்கு பில், சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என். இரண்டையும் பார்த்தால் முடிந்துவிடுகிறது. இறக்குமதிக்கு மட்டும் ஏன் இத்தனை காகிதம் கேட்கிறீர்கள்?

ஒரே கொள்முதல் இங்கே நாலைந்து துண்டாகக் கணக்கில் ஏறுகிறது. சப்ளையரின் இன்வாய்ஸை ஒருவர் பதிவார். சுங்க வரியை வங்கிப் பிரிவு கட்டும். கப்பல் கட்டணத்தை ஃபார்வார்டர் தனி பில்லாக அனுப்புவார். கிளியரிங் ஏஜென்டின் பில் ஒரு மாதம் கழித்து வரும். ஸ்டோர்ஸில் இருப்பவருக்கு எண்ணிக்கைதான் தெரியும், விலை தெரியாது. ஒவ்வொரு வவுச்சரையும் தனியே பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். தப்பு இருப்பது அவற்றுக்கு நடுவில்.

அதனால் மாதிரியாக எடுப்பது வவுச்சராக இருக்கக் கூடாது, ஒரு முழு கன்சைன்மென்டாக இருக்க வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர், கமர்ஷியல் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங், இன்ஷூரன்ஸ், சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி, வரி கட்டிய சலான், ஃபார்வார்டர் மற்றும் ஏஜென்ட் பில்கள், லாரி ரசீது, ஜி.ஆர்.என்., வங்கி பணம் அனுப்பிய அட்வைஸ் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக வைத்துப் படியுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது எண்ணிக்கை, தேதி, தொகை மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதுதான் சோதனை.

கீழே வரும் பதில்களுக்கெல்லாம் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி, சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து 20,000 பேரிங் வாங்குகிறது. விலை ஒன்றுக்கு 2 டாலர், மொத்தம் 40,000 டாலர், எஃப்.ஓ.பி. நிங்போ. சரக்கு கப்பலில் ஏறியது மார்ச் 18. பில் ஆஃப் என்ட்ரி போட்டது ஏப்ரல் 4, கப்பல் சென்னை வந்தது ஏப்ரல் 6, சுங்கம் விடுவித்தது ஏப்ரல் 9, கோவை ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். போட்டது ஏப்ரல் 11. டாலர் விலையும் வரி விகிதமும் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கோப்பில் அந்தந்த பில் ஆஃப் என்ட்ரியில் இருப்பதையே எடுங்கள்.

மார்ச் 31 அன்று சரக்கு நடுக்கடலில் இருக்கிறது. குடோனுக்கே வராததை எப்படி எங்கள் ஸ்டாக் என்று காட்டுவது?

குடோனுக்கு வந்ததா என்பதல்ல கேள்வி. அன்றைக்கு அந்தக் கப்பல் மூழ்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு என்று கேளுங்கள். எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் சரக்கு புறப்படும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதும் ரிஸ்க் வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. நம் உதாரணத்தில் அது மார்ச் 18. ஆகவே மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் சரக்கும் வேண்டும், சப்ளையருக்குத் தர வேண்டிய 40,000 டாலரும் வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, வழியில் உள்ள சரக்கை ஸ்டாக்கின் அந்தந்தத் தலைப்புக்குக் கீழ் தனியாகக் காட்ட வேண்டும். இங்கே அது மூலப்பொருளின் கீழ் வரும்.

அதிகம் தடுக்கி விழும் இடம் சி.ஐ.எஃப். “கப்பல் கட்டணமும் இன்ஷூரன்ஸும் சப்ளையர் செலவு, சென்னை வந்து சேரும் வரை சரக்கு அவருடையது” என்று பல அக்கவுன்டன்ட்கள் நினைக்கிறார்கள். அது தவறு. சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப். இரண்டிலும் சப்ளையர் கட்டணத்தைத்தான் சென்னை வரை சுமக்கிறார். ரிஸ்க், எஃப்.ஓ.பி. போலவே, ஏற்றும் துறைமுகத்திலேயே கைமாறிவிடுகிறது. சி.ஐ.எஃப்.பில் சப்ளையர் எடுக்கும் இன்ஷூரன்ஸ் பாலிசி வாங்குபவரின் நலனுக்காக எடுக்கப்படுவது என்பதே இதற்கு அடையாளம். எஃப்.சி.ஏ. என்றால் கன்டெய்னரை சரக்கு ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்த நாளிலேயே, அதாவது கப்பலில் ஏறுவதற்குச் சில நாள் முன்பே, ரிஸ்க் மாறலாம். டி.ஏ.பி., டி.டி.பி. போன்றவற்றில் மட்டும் சொன்ன இடத்துக்கு வந்து சேரும் வரை சப்ளையர் பொறுப்பு. அவை மார்ச் 31 அன்று கடலில் இருந்தால் நம் ஸ்டாக்கில் வராது.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்ற சொற்களை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் ரிஸ்க்கையும் செலவையும் பற்றித்தான் பேசும், உரிமை மாறுவதைப் பற்றிப் பேசாது என்பதையும் மறக்க வேண்டாம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி, சப்ளையரின் ஆணைக்கு என்று எழுதிய பில் ஆஃப் லேடிங் இருந்தால், சரக்கைக் கையாளும் உரிமையை அவர் தன்னிடமே வைத்திருக்கிறார் என்று முதல் பார்வையில் கொள்ளப்படும். பணம் வரும்வரை பிணையாக மட்டும் அப்படி வைத்திருக்கிறார், ரிஸ்க் நம்மிடம் வந்துவிட்டது என்றால் கணக்கில் எடுப்பதுதான் வழக்கம். ஆனால் விலையே முடிவாகாத சரக்கு, திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமை, வந்தபின் சோதித்து ஏற்பது போன்ற விதிகள் இருந்தால் பர்ச்சேஸ் ஆர்டரை வரிவரியாகப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தேதியை எடுக்கும்போது பில் ஆஃப் லேடிங் வெளியிட்ட தேதியை எடுக்காதீர்கள், “ஷிப்டு ஆன் போர்டு” என்று குறித்த தேதியை எடுங்கள். “ரிசீவ்ட் ஃபார் ஷிப்மென்ட்” என்று மட்டும் இருந்தால் சரக்கு இன்னும் கரையில் இருந்திருக்கலாம். மார்ச் 29, 30 தேதியிட்ட ஆவணங்களில் இந்த ஒரு வரி பல லட்சத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

கண்ணால் பார்க்க முடியாத சரக்கு இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?

ஆடிட் பெரும்பாலும் மே, ஜூனில்தான் நடக்கிறது. அதற்குள் சரக்கு வந்திருக்கும். ஆகவே மிகப் பலமான சாட்சி பின்னால் நடந்ததுதான்: பில் ஆஃப் என்ட்ரி, சுங்கம் விடுவித்த உத்தரவு, ஜி.ஆர்.என். பில் ஆஃப் லேடிங் எண்ணும் கன்டெய்னர் எண்ணும் பில் ஆஃப் என்ட்ரியில் அச்சாகியிருக்கும், ஒத்துப் பாருங்கள். பேக்கிங் லிஸ்ட் எண்ணிக்கையையும் ஜி.ஆர்.என். எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். 20,000 அனுப்பி 19,600 வந்திருந்தால் அந்த 400 பேரிங் எங்கே? சர்வே ரிப்போர்ட் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டார்களா, சப்ளையர் கிரெடிட் நோட் தந்தாரா? இல்லை என்றால் அது நஷ்டம். மிச்சமுள்ள 19,600-இன் விலையில் அதைக் கரைத்துவிடக் கூடாது.

சரக்கு இன்னும் வரவில்லை என்றால் கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் கன்டெய்னர் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். கம்பெனி எடுத்துத் தரும் ஸ்கிரீன்ஷாட்டை வாங்க வேண்டாம். ஃபார்வார்டர் தரும் ஹவுஸ் பில் எண் அங்கே வேலை செய்யாமல் போகலாம், மாஸ்டர் பில் எண்ணையோ கன்டெய்னர் எண்ணையோ கேளுங்கள். ஏர்போர்ட்டிலோ, கன்டெய்னர்களை இறக்கி வைக்கும் சி.எஃப்.எஸ்.சிலோ கிடக்கும் சரக்குக்கு, அதை வைத்திருப்பவரிடமிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் வாங்கலாம். தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 501 அதைத்தான் சொல்கிறது.

கம்பெனி கொடுத்த பட்டியலில் உள்ளது எல்லாம் சரியாக இருக்கிறது. பட்டியலிலேயே வராமல் போனதை எப்படிப் பிடிப்பது?

இதுதான் கடினமான பகுதி. நேரமும் இங்கேதான் செலவாக வேண்டும். கம்பெனியின் பட்டியலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கம்பெனி எழுதாத பட்டியல்களிலிருந்து தொடங்குங்கள்.

முதலாவது, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் கம்பெனியின் இறக்குமதி உரிம எண்ணான ஐ.இ.சி. எண்ணுக்கு உள்ள பில் ஆஃப் என்ட்ரிகளின் பட்டியல். இரண்டாவது, ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் சுங்கத்திலிருந்து நேராக வந்து விழும் இறக்குமதிப் பகுதி. மூன்றாவது, வங்கியிடமிருந்து ஐ.டி.பி.எம்.எஸ்.சில் நிலுவையில் உள்ளவற்றின் பட்டியல். இது ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய அமைப்பு. வெளிநாட்டுக்குப் பணம் போயும் பில் ஆஃப் என்ட்ரி சேராதது, பில் ஆஃப் என்ட்ரி இருந்தும் பணம் போகாதது இரண்டையும் அது காட்டிக்கொடுக்கும். பணம் போய் ஆறேழு மாதமாக பில் ஆஃப் என்ட்ரி வராத ஒரு வரி இருந்தால், அது சரக்குக்கான முன்பணம்தானா என்றே கேட்க வேண்டும்.

பிறகு ஏப்ரல், மே ஜி.ஆர்.என்.களைப் பின்னோக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பில் ஆஃப் லேடிங்கையும் எடுத்து, கப்பலில் ஏறிய தேதி மார்ச் 31-க்கு முன்பா என்று பார்க்க வேண்டும். எத்தனை நாள் வரை பார்ப்பது என்பதற்கு ஒரே அளவு கிடையாது. பயண நாள், கிளியரன்ஸ் நாள், லாரி நாள் மூன்றையும் கூட்டுங்கள். நம் பேரிங் ஏறிய நாளிலிருந்து ஜி.ஆர்.என். வரை 24 நாள். ஐரோப்பாவிலிருந்து வருவது என்றால் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகலாம். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதால் இன்னும் நீண்டது. ஏப்ரல் 15 வரை மட்டும் பார்த்துவிட்டு முடித்தால் ஜெர்மனி மெஷின் உதிரிபாகம் முழுவதும் கண்ணில் படாமல் போகும்.

விடுபட்டால் என்ன ஆகும் என்பதும் ஒரே மாதிரி இல்லை. சரக்கும் கடனும் இரண்டுமே விடுபட்டால் லாபம் ஏறக்குறைய மாறாது, ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு பக்கமும் சரக்கின் விலை 34,40,000 ரூபாய் குறையும். கொள்முதலைப் பதிந்து, வழியில் உள்ள சரக்கை மறந்தால் லாபம் அந்த அளவு குறைந்துவிடும். ஸ்டாக்கில் சேர்த்து, கொள்முதலைப் பதியாமல் விட்டால் லாபம் அத்தனையும் பொய். அடுத்த நிதியாண்டில், ஏப்ரல் 11 அன்று ஸ்டோர்ஸ் ஜி.ஆர்.என். போட, கம்ப்யூட்டர் மறுபடி ஒரு கொள்முதலைப் பதிந்துவிடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் ஜர்னல் என்ட்ரி போட்டு, ஏப்ரல் 1-இல் அதைத் திருப்பாத இடங்களில் இது தவறாமல் நடக்கிறது.

இன்வாய்ஸ் தேதி ரேட், சுங்கத்தின் ரேட், வங்கி பிடித்த ரேட் என்று மூன்று டாலர் விலை வருகிறது. ஸ்டாக்குக்கு எது?

எதுவும் நேரடியாக இல்லை. ரிஸ்க் கைமாறிய நாளின் சந்தை ரேட்தான் ஸ்டாக்குக்கு. மார்ச் 18 அன்று டாலர் 86.00 ரூபாய் என்றால் சரக்கின் விலை 34,40,000. அத்தோடு அது உறைந்துவிடுகிறது. கடன் மட்டும் அசையும்: மார்ச் 31 அன்று டாலர் 85.50 என்றால் கடன் 34,20,000 ஆகும், வித்தியாசம் 20,000 ரூபாய் அந்நியச் செலாவணி லாபமாக லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஸ்டாக்கைத் தொடக் கூடாது. பிறகு பணம் கட்டும்போது வங்கி பிடித்த ரேட்டினால் வரும் வித்தியாசமும் அப்படியே.

சுங்கத்தின் ரேட் என்பது சுங்கச் சட்டம் 14-ஆவது பிரிவின்படி அறிவிக்கப்படுவது. பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளில் நடப்பில் உள்ளது எடுக்கப்படும். வரி கணக்கிட மட்டுமே அது. கொள்முதலை அந்த ரேட்டில் பதிவது மிகச் சாதாரணமாகக் காணும் தவறு.

முன்பணம் கொடுத்திருந்தால் கணக்கு சற்று மாறும். பிப்ரவரியில் 12,000 டாலரை 85.00 ரேட்டில் அனுப்பியிருந்தால், கணக்கியல் தரம் இந்த் ஏ.எஸ். 21-இன் பின்னிணைப்பு பி-படி அந்தப் பகுதிக்கு முன்பணம் கொடுத்த நாளின் ரேட்டே நிற்கும். 12,000 × 85 = 10,20,000. மீதி 28,000 × 86 = 24,08,000. மொத்தம் 34,28,000. மார்ச் 31 அன்று அசைய வேண்டியது மீதி 28,000 டாலர் கடன் மட்டும்.

ஒரு பேரிங் ஸ்டோர்ஸுக்கு வந்து சேரும் வரை ஆகும் மொத்த விலை, அதாவது லேண்டட் காஸ்ட், எவ்வளவு என்று முழுக் கணக்காகப் போட்டுக் காட்ட முடியுமா?

முதலில் சுங்கம் போடும் கணக்கு. அன்றைய சுங்க ரேட் 87.00 என்று வைப்போம். கப்பல் கட்டணம் 1,500 டாலர், இன்ஷூரன்ஸ் 9,500 ரூபாய்.

- எஃப்.ஓ.பி. 40,000 × 87 = 34,80,000
- கப்பல் கட்டணம் 1,500 × 87 = 1,30,500
- இன்ஷூரன்ஸ் 9,500
- மதிப்பீட்டு மதிப்பு 36,20,000
- அடிப்படைச் சுங்க வரி 7.5% = 2,71,500
- அந்த வரியின் மேல் சமூக நல சர்சார்ஜ் 10% = 27,150
- ஐ.ஜி.எஸ்.டி. (36,20,000 + 2,98,650 = 39,18,650) மேல் 18% = 7,05,357

சலானில் கட்டியது 10,04,007 ரூபாய். இதில் ஸ்டாக்குக்குப் போவது 2,98,650 மட்டுமே. கப்பல் கட்டணம் எவ்வளவு என்று காட்ட முடியாத நேரத்தில் சுங்க மதிப்பீட்டு விதிகள் (2007) எஃப்.ஓ.பி.-யில் 20%-ஐக் கட்டணமாகவும், இன்ஷூரன்ஸ் தெரியாவிட்டால் 1.125%-ஐயும் சேர்க்கச் சொல்கின்றன. அந்த ஊகத் தொகைகள் வரிக்கு மட்டும். அவற்றைச் செலவாக எங்கேயும் பதியக் கூடாது.

இனி நம் கணக்கு:

- சரக்கு விலை 34,40,000
- ஃபார்வார்டர் பில், கப்பல் கட்டணம் 1,30,000
- இன்ஷூரன்ஸ் 9,500
- சுங்க வரியும் சர்சார்ஜும் 2,98,650
- துறைமுகக் கையாளல், சி.எஃப்.எஸ்., ஏஜென்ட் கட்டணம், ஜி.எஸ்.டி. நீங்கலாக 46,850
- சென்னையிலிருந்து கோவைக்கு லாரி 35,000
- மொத்தம் 39,60,000

20,000-ஆல் வகுத்தால் பேரிங் ஒன்று 198 ரூபாய்.

மதிப்பீட்டு மதிப்பு 36,20,000-ஐயே கொள்முதல் விலையாக வைத்துக் கூட்டியிருந்தால் மொத்தம் 40,00,500 வரும். கூடுதலான 40,500-க்கு எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டுமே? அது அந்நியச் செலாவணி லாபம் என்ற பெயரிலோ, இறக்குமதி கிளியரிங் கணக்கில் தீராத வரவாகவோ கிடக்கும். அந்தக் கணக்கில் ஒவ்வொரு கன்சைன்மென்டுக்கும் கொஞ்சம் வரவு மிஞ்சினால் இதைச் சந்தேகியுங்கள். ஆண்டுக் கடைசியில் 8,000 பேரிங் கையிருப்பில் இருந்தால் ஸ்டாக் 16,200 ரூபாய் அதிகம் காட்டும். ஒரு கன்சைன்மென்டுக்கு இது சிறிய தொகைதான். ஆண்டுக்கு எண்பது கன்டெய்னர் இறக்கும் கம்பெனியில் சிறியதாக இருக்காது.

அதே சரக்கு மார்ச் 31 அன்று கடலில் இருக்கும்போது சுங்க வரியையும் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். அன்றைக்கு அது இந்தியாவுக்கே வரவில்லை. வரி விழவும் இல்லை, கட்டவும் இல்லை. மார்ச் 31-இல் வழியில் உள்ள சரக்கின் மதிப்பு, விலை 34,40,000-உம் இன்ஷூரன்ஸ் 9,500-உம். கப்பலில் ஏறியதும் கட்டணம் கொடுக்கக் கடமை உண்டு என்று ஃபார்வார்டருடன் ஒப்பந்தம் இருந்தால் அந்த 1,30,000-உம் சேரும், கடன் பக்கத்திலும் அதே தொகை ஏறும். ஏப்ரலில் வரும் ஏஜென்ட் பில்லும் லாரியும் சேராது.

சில ஈ.ஆர்.பி.களில் வழக்கமான சதவீதம் ஒன்றை, 12% என்பதுபோல், எல்லா இறக்குமதிச் சரக்கின் மேலும் தானாக ஏற்றிவிடுவார்கள். கடலில் உள்ள சரக்குக்கும் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள். நிகர விற்பனை மதிப்போடு ஒப்பிடும்போது மட்டும், இன்னும் செலவாக வேண்டிய வரியையும் கிளியரன்ஸையும் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஐ.ஜி.எஸ்.டி.-யை ஸ்டாக்கில் சேர்ப்பது எப்போதாவது சரியா?

திரும்பக் கிடைக்காத வரி விலையில் சேரும், கிடைக்கும் வரி சேராது. ஏ.எஸ். 2, இந்த் ஏ.எஸ். 2 இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. வரிவிலக்குள்ள பொருள் செய்யும் கம்பெனிக்கு உள்ளீட்டு வரவு கிடைக்காது, அங்கே ஐ.ஜி.எஸ்.டி. முழுவதும் விலைதான். வரிவிதிப்பும் விலக்கும் கலந்திருந்தால் திருப்ப வேண்டிய பங்கு மட்டும்.

நம் உதாரணத்தில் வரவு முழுவதும் உண்டு. தவறிச் சேர்த்தால் பேரிங்குக்கு 35.27 ரூபாய் ஏறும், 8,000 பேரிங்குக்கு 2,82,143. ஜி.எஸ்.டி. வரவையும் எடுத்துக்கொண்டு ஸ்டாக்கிலும் வைத்திருந்தால் ஒரே பணத்தை இருமுறை சொத்தாகக் காட்டுவதாகும். சலான் தொகையை மொத்தமாக “சுங்க வரி” என்ற ஒரே லெட்ஜரில் போடும் இடங்களில் இதை முதலில் தேடுங்கள்.

வேறொரு கன்சைன்மென்டுக்கு மார்ச் 28-இல் வரி கட்டி, சரக்கு இன்னும் சி.எஃப்.எஸ்.சிலேயே இருந்தால், ஐ.ஜி.எஸ்.டி.-யைச் சொத்தாகக் காட்டலாம். ஆனால் சரக்கு கைக்கு வந்தபின்தான் அந்த வரவை ரிட்டர்னில் எடுக்க முடியும். இன்னொன்று: 2023 ஏப்ரல் முதல் சுங்க வரிக்கு எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜர் வந்திருக்கிறது. அதில் போட்டுவைத்த இருப்பு முன்பணம்தான். வங்கியிலிருந்து பணம் போன அன்றே அதை வரியாகப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

டெமரேஜ், டிடென்ஷன், அபராதம் எல்லாம் சரக்கைக் கொண்டுவரத்தானே செலவானது? ஏன் சேர்க்கக் கூடாது?

சரக்கை வழக்கமாகக் கொண்டுவர ஆகும் செலவுதான் விலை. தாமதத்தால் வந்தது அசாதாரணச் செலவு, லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும். துறைமுகமோ சி.எஃப்.எஸ்.சோ பிடிக்கும் இட வாடகை, கன்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனி பிடிக்கும் டிடென்ஷன், பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகப் போட்டதற்கான கட்டணம் (முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதன்பின் 10,000 ரூபாய்), வரியைத் தாமதமாகக் கட்டியதற்கான 15% வட்டி, சரக்கை மீட்கக் கட்டிய அபராதம் எல்லாம் இதில் அடங்கும்.

சிக்கல் என்னவென்றால், இவை தனியாக வருவதில்லை. கிளியரிங் ஏஜென்ட் “கைச்செலவு” என்று ஒரே வரியில் எழுதிவிடுவார். பில்லோடு இணைத்த ரசீதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால்தான் 46,850-க்குப் பதில் 1,10,000 ஏன் ஆனது என்று தெரியும். ஒரே அளவு கன்டெய்னருக்கு ஏஜென்ட் பில் மற்றவற்றைவிட இரண்டு மடங்காக இருப்பவற்றைப் பிரித்தெடுங்கள், டெமரேஜ் பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும்.

ஒரே கன்டெய்னரில் பத்து விதப் பொருள் வருகிறது. செலவை எப்படிப் பங்கிடுவது?

சுங்க வரியைப் பங்கிடவே வேண்டாம். பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரி அச்சாகியிருக்கும், அதை அப்படியே எடுங்கள். 20 லட்சம் மதிப்புள்ள பேரிங்குக்கு சர்சார்ஜோடு 8.25%, வர்த்தக ஒப்பந்தச் சலுகையில் வந்த 10 லட்சம் மதிப்புள்ள ரப்பர் சீலுக்கு வரி இல்லை என்று வைப்போம். வரி 1,65,000 முழுவதும் பேரிங்குக்கு உரியது. மதிப்புப்படி பங்கிட்டால் சீலின் மேல் 55,000 ஏறிவிடும். பேரிங் விற்றுத் தீர்ந்து சீல் தேங்கிக் கிடந்தால் அந்த 55,000 நட்டத்துக்குப் போகாமல் ஸ்டாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கப்பல், லாரி, கையாளல் செலவை எடை அல்லது கன அளவுப்படியும், இன்ஷூரன்ஸை மதிப்புப்படியும் பிரிப்பது நியாயம். டாலியில் ஒவ்வொரு செலவு லெட்ஜருக்கும் அளவுப்படியா மதிப்புப்படியா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு உண்டு. அது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி போட்டுவிடப்பட்டிருக்கும், திறந்து பாருங்கள்.

சரக்கு பிப்ரவரியில் வந்து பாதி விற்றும் போயிற்று. ஏஜென்ட் பில் ஏப்ரலில் வருகிறது. அதை என்ன செய்வது?

வேலை மார்ச்சுக்கு முன் நடந்துவிட்டதால் செலவும் அந்த ஆண்டைச் சேர்ந்தது. பில் வந்த தேதி பொருட்டல்ல. மார்ச் 31-இல் மதிப்பிட்டுக் கடனாக எடுத்து, சரக்கின் மேல் ஏற்றி, விற்றுப்போன பாதிக்குரியதை விற்ற பொருளின் செலவிலும் மீதியை ஸ்டாக்கிலும் வைக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்த ஃபார்வார்டர், ஏஜென்ட் பில்களில் உள்ள பில் ஆஃப் என்ட்ரி எண்ணைப் பார்த்தால் எது எந்த ஆண்டு என்று உடனே தெரியும்.

இரண்டு வருடம் கழித்து சுங்கம் கூடுதல் வரி கேட்டால், தொடர்புடைய கம்பெனிகளிடமிருந்து வாங்கித் தற்காலிக மதிப்பீட்டில் விட்டவற்றுக்கு இது அடிக்கடி வரும், அந்தச் சரக்கு அநேகமாக விற்றுப்போயிருக்கும். ஆகவே அது செலவு, இன்று கையிருப்பில் உள்ள வேறு சரக்கின் மேல் ஏற்ற முடியாது.

வரி கட்டாமலே சரக்கை வைக்கும் பாண்டட் வேர்ஹவுஸில் வைத்திருந்தால்?

சரக்கு நம்முடையதுதான், வழியில் உள்ளது என்று காட்டக் கூடாது. வேர்ஹவுஸ்காரரிடம் நேரடியாக உறுதி வாங்குங்கள், பாண்ட் ரெஜிஸ்டரில் உள்ளே போன அளவையும் எக்ஸ்-பாண்ட் பில்களில் வெளியே வந்த அளவையும் கழித்துப் பாருங்கள். வெளியே எடுக்கும் நாளின் வரி விகிதமே பொருந்தும், டாலர் ரேட் மட்டும் உள்ளே வைக்கும்போது போட்ட பில் ஆஃப் என்ட்ரியினுடையது. 90 நாளைத் தாண்டினால் வரியின் மேல் வட்டி ஓடும். அந்த வட்டி சரக்கின் விலையில் சேராது.

வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் கடலில் உள்ள சரக்கு இல்லை. அது தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு கடன் எடுக்கலாம் என்று காட்டும் டிராயிங் பவருக்கு, வழியில் உள்ள சரக்கை எடுக்காத வங்கிகள் உண்டு, சாங்ஷன் கடிதத்தைப் படியுங்கள். ஆனால் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு எந்த நேரத்திலாவது 5 கோடியைத் தாண்டிய கம்பெனிக்கு, தணிக்கை அறிக்கை உத்தரவான காரோ 2020-இன் 3(ii)(b) படி காலாண்டு ஸ்டேட்மென்ட் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று நீங்கள் எழுத வேண்டும். வித்தியாசத்தில் எவ்வளவு கடலில் இருந்தது, எவ்வளவு வேறு காரணம் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தச் சரக்கை விட்டுவிட்டு அதற்கான சப்ளையர் கடனையும் விட்டிருக்கிறார்களா என்பதை அதே தாளில் சரிபார்க்கலாம். சரக்கைச் சேர்த்து, கடனை மட்டும் மறைத்திருந்தால் டிராயிங் பவர் பெருகிக் காட்டும். அப்போது அதை விட்டுவிட வழியில்லை, அறிக்கையில் எழுதியாக வேண்டும்.